தொழில் கடன் – 9: கிடங்குச் சாவி யார் கையில்?

மெஷினை ஈடாக வைத்து வாங்கும் டேர்ம் லோனைப் போன வாரம் பார்த்தோம். மெஷின் ஓரிடத்தில் நிற்கும். சீரியல் நம்பர் போட்டுப் பத்திரத்தில் எழுதலாம். வங்கி சம்மதிக்காமல் விற்க முடியாது. இதுதான் ஃபிக்ஸட் சார்ஜ். சரக்கு அப்படி நிற்பதில்லை. இந்த வாரம் பஞ்சாக உள்ளே வந்தது அடுத்த வாரம் நூலாக வெளியே போயிருக்கும். அதன்மேல் வங்கி எப்படிப் பிடி வைக்கிறது?

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சீசனில் 500 பேல் பஞ்சு வாங்குகிறார்கள். பேல் ஒன்று 26,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 1.30 கோடி. இதை அடகாக, அதாவது ப்ளெட்ஜ் முறையில் வைத்தால், கிடங்கில் வங்கியின் பூட்டு தொங்கும். 25 சதவீதம் மார்ஜின் போக 97.5 லட்சம் கடன் கிடைக்கும். வாரம் 50 பேல் தேவை என்றால் பேலுக்கு 19,500 வீதம் 9.75 லட்சத்தைக் கட்டிய பிறகுதான் வங்கி ஆள் வந்து பூட்டைத் திறப்பார். சரக்கின்மேல் ஃபிக்ஸட் சார்ஜுக்கு நிகரான இறுக்கம் நடைமுறையில் இந்த முறையில்தான் வருகிறது. மாதக்கணக்கில் சும்மா அடுக்கிக் கிடக்கும் பஞ்சுக்கு இது பொருந்தும். தினமும் லோடு ஏறும் நூலுக்கு இதைச் செய்தால் வியாபாரமே நின்றுவிடும்.

அதனால்தான் கேஷ் கிரெடிட் கணக்குக்குப் பெரும்பாலும் ஹைபாதிகேஷன். சரக்கு உங்கள் கிடங்கிலேயே, உங்கள் சாவியிலேயே இருக்கும். இன்று இருப்பதும் நாளை வரப்போவதும் சேர்ந்து ஈடு. வழக்கமான வியாபாரத்தில் யாரையும் கேட்காமல் விற்கலாம்; வாங்கியவருக்கு அந்த நூல் வில்லங்கமில்லாமல் போய்ச் சேரும். இதுதான் ஃப்ளோட்டிங் சார்ஜ். சர்ஃபேசி சட்டம் (2002) ஹைபாதிகேஷனுக்குத் தரும் விளக்கத்திலேயே ஃப்ளோட்டிங் சார்ஜும், அது இறுகி ஃபிக்ஸட் சார்ஜாக மாறுவதும் அடங்கியிருக்கின்றன. பத்திரத்தின் தலைப்பில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், கடன் வாங்கியவர் தன் இஷ்டத்துக்குச் சரக்கை விற்றுக்கொண்டே இருக்கலாம் என்றால் அது மிதக்கும் பிடிதான்.

பூட்டு இல்லாத இடத்தில் வங்கிக்குக் கண்ணாக இருப்பது மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட். பஞ்சும் நூலும் ஓட்டத்தில் இருப்பதும் சேர்த்து 2 கோடி. அதில் பஞ்சு வியாபாரிக்கு இன்னும் கட்டாத பில் 60 லட்சம். பணம் கட்டிய சரக்கு 1.40 கோடிதான். 25 சதவீதம் கழித்தால் டிராயிங் பவர் 1.05 கோடி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கட்டாத பில்லை மறைத்தால் டிராயிங் பவர் 1.50 கோடியாகத் தெரியும். கூலிக்கு நூற்க வந்த அடுத்தவர் பஞ்சைத் தன் சரக்காகக் காட்டுவதும் நடக்கிறது. அது கம்பெனியின் சொத்தே இல்லை, அதன்மேல் சார்ஜும் ஏறாது. தேறிய ஸ்டாக் ஆடிட்டர் பேலை மட்டும் எண்ணமாட்டார். கொள்முதல் பில், கேட் பதிவேடு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொய் அங்கே வெளிப்பட்டுவிடும்.

மிதக்கும் பிடி எப்போது இறுகும்? கம்பெனி கலைப்புக்குப் போனால், வியாபாரம் நின்றுபோனால், ரிசீவர் வந்தால், அல்லது பத்திரத்தில் சொன்ன நிகழ்வு நடந்தால். அன்றைக்குக் கிடங்கில் என்ன இருக்கிறதோ அதுதான் வங்கிக்கு. 1.05 கோடி கடனுக்கு எதிரில் 50 லட்சம் நூல்தான் கிடக்கிறது என்றால், மிச்சத்துக்கு வேறு ஈட்டையோ ஜாமீன்தாரரையோ தேடவேண்டியதுதான். ப்ளெட்ஜில் இந்தப் பள்ளம் எளிதில் விழாது. பணம் வராமல் பேல் வெளியேறுவதில்லையே.

சர்ஃபேசியின் 13(2) நோட்டீஸ் வந்ததும் எல்லாம் முடங்கிவிடும் என்று பலர் பதறுகிறார்கள். 60 நாள் அவகாசம் உண்டு. வழக்கமான வியாபார விற்பனைக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் பழைய கடன்காரர் ஒருவரைச் சமாதானப்படுத்த மொத்த நூலையும் அவருடைய லாரியில் ஏற்றிவிடுவது வழக்கமான விற்பனை ஆகாது. அதற்கு வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

கடன் கொடுப்பவருக்கும் கெடு உண்டு. சார்ஜை 30 நாளுக்குள் CHG-1 படிவத்தில் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் சில காலம் கிடைக்கும். பதியாத சார்ஜைக் கலைப்பு அதிகாரி கணக்கில் எடுக்கமாட்டார். கம்பெனி சட்டம் (2013) 332-ம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் போட்ட ஃப்ளோட்டிங் சார்ஜ், அந்தச் சமயத்தில் கம்பெனி கடனைத் தீர்க்கும் நிலையில் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால், அப்போதோ அதன் பிறகோ அதற்காகக் கொடுத்த புதுப் பணத்துக்கும் அதன் வட்டிக்கும் மட்டுமே செல்லும். பழைய பாக்கிக்குப் பாதுகாப்பாக அவசர அவசரமாகச் சரக்கை எழுதி வாங்கியவருக்கு அந்தப் பத்திரம் உதவாது.