இறுக்கத் தலைவலியும் மாத்திரைக் கணக்கும்

நெற்றியையும் பொட்டுகளையும் பிடரியையும் சுற்றி ஒரு பட்டையை இறுக்கிக் கட்டியதுபோல அழுத்துவது இறுக்கத் தலைவலி. மக்களுக்கு வரும் தலைவலிகளில் மிகப் பரவலானது இதுதான். தலையின் இரு பக்கமும் ஒரே சீராக அழுத்தும். ‘விண் விண்’ என்று தெறிக்காது. மாடிப்படி ஏறினாலும் வலி கூடுவதில்லை. வாந்தியும் வருவதில்லை. அரை மணி நேரத்தில் அடங்குவதும் உண்டு, ஒரு வாரம் வரை நீடிப்பதும் உண்டு. ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் இருட்டறையில் படுக்க வைக்கும். இறுக்கத் தலைவலிக்காரர் வேலையைத் தொடர முடியும். அதனால்தான் மருத்துவரிடம் போகாமல் மருந்துக்கடையோடு நிறுத்திக்கொள்கிறார்.

வலி தெரிவது நெற்றியில் என்றாலும் தொல்லையின் ஒரு பகுதி கழுத்தில் இருக்கிறது. கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உரிய நரம்பும் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. பிடரித் தசையிலிருந்து செல்லும் வலியை நெற்றி வலியாக மூளை உணர்வது இதனால்தான். தோளுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள தசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் பலருக்குச் சுருக்கென்று வலிக்கும். சிலருக்கு அந்த அழுத்தம் பொட்டு வரை ஏறும். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலை முன்னால் குனியக் குனிய அதைப் பிடித்து நிறுத்தும் பிடரித் தசைகளின் உழைப்பு கூடுகிறது. மனக்கவலை வேறொரு வழியில் சேர்கிறது: தோள்கள் தாமாக உயர்கின்றன, பற்கள் கடித்துக்கொள்கின்றன, வலியை அடக்கிவைக்கும் மூளையின் திறனும் குறைகிறது. தூக்கக் கெடுதலும் காலை உணவைத் தவறவிடுவதும் இதைக் கூட்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பீஸ் கணக்கில் கூலி. ஊசி முனையைப் பார்த்துக் குனிந்தே பகல் போகும். சரக்கு அனுப்பும் வாரத்தில் ஓவர்டைமும் சேரும். முதலில் மாதத்தில் நான்கைந்து நாள் மாலையில் தலை இறுக்கியது. கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரையும் ஒரு டீயும் போதுமாக இருந்தன. ஓராண்டு கழித்து வலி காலையில் எழும்போதே இருந்தது. வேலை கெடக்கூடாது என்று வலி வருமுன்பே மாத்திரை போட்டாள். நாள்காட்டியில் குறித்துப் பார்த்தபோது ஒரு மாதத்தில் 20 நாள் தலைவலி, 17 நாள் மாத்திரை.

இந்த இடத்தில் நோய் மாறிவிட்டது. ஏற்கெனவே தலைவலி உள்ளவர் வலிமாத்திரையை அடிக்கடி எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரி விஷயமாக்கிவிடும். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற ஒற்றை மருந்துகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பது ஆபத்தான எல்லை. கஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை, கோடீன் போன்ற அபின் வகை மருந்து, ஒற்றைத் தலைவலிக்குரிய டிரிப்டான் ஆகியவற்றுக்கு எல்லை 10 நாள்தான். ஒரு நாளில் எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் எடுத்தோம் என்பதே இங்கே கணக்கு. ஒரே மாத்திரைதானே என்ற நினைப்புதான் பலரை ஏமாற்றுகிறது. அடையாளம் எளிது: மாத்திரையின் பலன் குறைந்துகொண்டே வரும், வலி விடியலிலேயே நிற்கும், மருந்து இறங்கியதும் வலி ஏறும். தலைவலியோடு இது நிற்பதில்லை. ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் இரைப்பையில் புண்ணையும், நாள்பட்டால் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

வெளியே வரும் வழி மருந்தை நிறுத்துவதுதான். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபெனை ஒரே நாளில் நிறுத்தலாம். கோடீன் வகையையும் தூக்க மருந்து கலந்தவற்றையும் மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தியபின் முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி முன்பைவிடக் கூடும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும். சிலர் இங்கேதான் பயந்து மறுபடி மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். இந்த ஏற்றம் மருந்து விலகுவதன் விளைவு என்று முன்கூட்டியே தெரிந்தால் தாங்குவது எளிது. சரக்கு அனுப்பும் வாரத்தைத் தவிர்த்து, பண்டிகை விடுமுறையையொட்டி நாளைக் குறிப்பது அந்தப் பெண்ணுக்கு ஏற்றது. முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். வலி ஓயாதவர்களுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை இரவில் 10 மில்லிகிராமில் மருத்துவர் தொடங்குவதுண்டு. அது மனச்சோர்வு மருந்துதான் என்றாலும் இங்கே வலி நரம்புகளின் கூச்சத்தைக் குறைக்கவே தரப்படுகிறது. பகலில் மந்தம், வாய் வறட்சி வரலாம்.

மாத்திரை விட்ட இடத்தைக் கழுத்துப் பயிற்சி நிரப்ப வேண்டும். நேராக உட்கார்ந்து, முகத்தைக் குனியாமல் நிமிராமல், தாடையை நேர் பின்னால் இழுக்க வேண்டும். தொண்டைக்கு அருகே இரட்டைத் தாடை விழும், பிடரியில் இதமான இழுப்பு தெரியும். ஐந்து எண்ணும் வரை நிறுத்தி விட வேண்டும். இப்படிப் பத்து முறை. அடுத்து வலது கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காதை இடது தோளை நோக்கிச் சாய்த்து, 20 முதல் 30 விநாடி இருத்தல்; பிறகு மறுபக்கம். இழுப்பு மட்டுமே தெரிய வேண்டும். கூர்மையான வலியோ கையில் மரமரப்போ வந்தால் நிறுத்திவிட வேண்டும். டீ இடைவேளை, சாப்பாட்டு இடைவேளை, வீடு திரும்பியதும் என்று மூன்று வேளை போதும். இரவில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளிலும் பிடரியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் போடலாம். இருக்கையை மெஷினுக்கு நெருக்கி, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உயர்த்தினால் குனிவு குறையும். கணினியில் இருப்பவருக்குத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் வர வேண்டும். எப்படி உட்கார்ந்தாலும் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுவது அவசியம்; அசையாமல் இருந்தால் சரியான நிலைகூட வலிக்கும்.

சலூனில் தலையைத் திருப்பி நெட்டி முறிப்பதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. திடீர்த் திருப்பத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கழுத்து நாளத்தின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவில் உள்ளன.

நலமான பிறகு மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் அது மருத்துவரைப் பார்க்கும் நேரம். ஒரு நொடியில் உச்சத்துக்கு ஏறும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், அடிபட்டபின் வரும் வலி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவை இறுக்கத் தலைவலியின் கணக்கில் வராதவை. இவற்றுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.