ஓடும் குமிழ்கள் காட்டுவதும் மறைப்பதும்

2006 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் நடந்த டெட் மாநாட்டில், ஸ்வீடன் மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் ஒரு வரைபடத்தைத் திரையில் ஓடவிட்டார். அதில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழ். மக்கள்தொகை பெரிதென்றால் குமிழும் பெரிது. கிடை அச்சு, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை. நெடுக்கு அச்சு, சராசரி ஆயுள்.

1962இல் குமிழ்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. சிறிய குடும்பமும் நீண்ட ஆயுளும் கொண்ட நாடுகள் ஒருபுறம். பெரிய குடும்பமும் குறைந்த ஆயுளும் கொண்ட நாடுகள் மறுபுறம். ஆண்டுகள் ஓட ஓட, இரண்டாம் கூட்டத்தின் பெரும்பகுதி முதல் கூட்டத்தை நோக்கி நகர்ந்தது. உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்ற பழைய எண்ணம் சில நொடிகளில் உடைந்தது.

இங்கே அசைவு உதவியதற்குக் காரணம் உண்டு. ஒரே திசையில் போகும் பலவற்றை நம் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கிறது, வானில் பறக்கும் கொக்குகளைப் போல. கூட்டத்தை விட்டு விலகும் ஒன்றும் உடனே தெரிந்துவிடும். இதே வரைபடத்தில் 1994ஐ நெருங்கும்போது ருவாண்டாவின் குமிழ் மட்டும் சரேலென்று கீழே விழும். அது இனப்படுகொலை நடந்த ஆண்டு.

ஆனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள்: 2003இன் வியட்நாம், எந்த ஆண்டின் அமெரிக்காவுக்கு இணை? 1974இன் அமெரிக்காவுக்கு என்று அதே உரையில் ரோஸ்லிங் விடை சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது. 2003 திரைக்கு வரும்போது 1974 போய்விட்டிருக்கும். அதை நினைவிலிருந்து எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதோடு, ஒரே மாதிரி நகரும் பொருள்களில் நான்கைந்துக்கு மேல் நம் கவனத்தால் பின்தொடரவும் முடியாது.

ஜார்ஜ் ராபர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 2008இல் இதைச் சோதித்தார்கள். ஓடும் வரைபடம் பங்கேற்றவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் தரவை அவர்களே அலசி விடை தேடியபோது, அசையாத படங்களைவிட அதில் அதிக நேரம் பிடித்தது. நாட்டுக்கு ஒரு சிறு கட்டமாக அடுக்கிய படங்களில் பிழைகளும் குறைவாக இருந்தன.

ஆகவே வரைபவர் முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டும். ‘எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன, விலகியது எது?’ என்றால் ஓடவிடலாம், பக்கத்தில் நின்று விளக்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ‘அன்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு?’ என்றால் இரண்டு ஆண்டுகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். அதற்கு, குமிழ் போன வழியைக் கோடாக விட்டுவைத்தாலே போதும். அமெரிக்கா, வியட்நாம் இரண்டின் தடங்களையும் ஆண்டு குறித்து வரைந்தால், 1974ம் 2003ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

வரைந்த பின் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். விடை சொல்ல அவர் படத்தைத் திரும்பத் திரும்பப் பின்னோக்கி ஓட்டினால், அந்த ஒப்பீட்டை அசைவு மறைக்கிறது என்று பொருள்.