"ஜான்" என்னும் சிறு சொல்

பாரசீக மொழியில் "ஜான்" என்றால் உயிர் என்று பொருள். ஈரான் நாட்டார் இச்சொல்லைப் பெயருக்குப் பின்னே சேர்த்து ஒருவரை ஒருவர் அழைப்பர். மர்யம் என்பவள் "மர்யம் ஜான்" ஆவாள். அலி "அலி ஜான்" ஆவான். தெஹ்ரான் நகரத்துப் பேச்சில் இது "ஜூன்" என்று ஒலிக்கும். ரொட்டியைக் குறிக்கும் "நான்" என்ற சொல்லும் அவர்கள் வாயில் "நூன்" ஆகிவிடுகின்றது. அழைக்கப்பட்டவர் மறுமொழியாக "ஜானம்" என்பதும் உண்டு. "என் உயிரே" என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் "என்ன, சொல்" என்பதற்கு மேல் அங்கே அது பொருள்படுவதில்லை.

ஈரானியத் திரைப்படங்களை இன்று எம் மாணவர் பலர் பார்க்கின்றனர். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளிலிருந்து இவ்வழைப்பைத் தமிழாக்கச் சொன்னால், "அன்புள்ள மர்யமே" என்பார் ஒருவர். அது கடிதத்தின் முதல் வரி போலாகிவிடும். "மர்யம், என் உயிரே" என்பார் இன்னொருவர். தாய் மகளைச் சோறுண்ண அழைக்கும் காட்சி, அந்த ஒரு சொல்லால் காதற் காட்சியாக மாறிவிடும்!

பிழை எங்கே நேர்கின்றது? "ஜான்" ஆண் பெண் பாராது, வயதும் பாராது. சிறுமியை அழைக்கும்போது "மர்யம் ஜான், பியா" என்பர். "வா" என்பது பொருள். மதிப்புக்குரிய மூத்தவளாயின் "மர்யம் ஜான், பியாயீத்" என்பர், அதாவது "வாருங்கள்". மதிப்பு வினைச்சொல்லில் மாறுகின்றது; நெருக்கம் பெயரின் பின்னே மாறாது நிற்கின்றது. முன்பின் அறியாதவருக்கு மட்டும் பெரும்பாலும் "ஆகா" (ஐயா), "கானும்" (அம்மையார்) என்பனவே வழக்கு. வடநாட்டு "ஜி" இதற்கு இணையன்று. காந்திஜி என்றபோது மக்கள் காட்டியது முதன்மையாக மரியாதை.

தமிழில் இப்படிப் பொதுவாய் நிற்கும் ஒற்றைச் சொல் இல்லை. நாம் நெருக்கத்தைப் பெரும்பாலும் வினையின் வாலிலே முடிந்து வைக்கின்றோம். "வாம்மா", "சொல்லப்பா", "இரடா" என்னும்போது பெயர் வராமலே உறவு வந்துவிடுகின்றது. ஆகவே மர்யம் சிறுமியாயின் "மர்யம், வாம்மா" என்றும், மூத்தவளாயின் "மர்யம் அக்கா, வாங்க" என்றும் எழுதுதல் தகும். மர்யத்தின் வயது தெரியாமல் தமிழில் அவ்வரியை எழுத முடியாது. பாரசீகத்திலே எழுதியவருக்கு அந்தக் கவலையே இல்லை.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. ஈரானியத் தந்தை தன் பிள்ளையை, மகளாயினும், "பாபா ஜான்" என்று கூப்பிடுவதுண்டு. "பாபா" என்றால் அப்பா. தந்தை தன் உறவுப்பெயரையே பிள்ளைக்குச் சூட்டுகின்றார். தாயும் அவ்வாறே பிள்ளையை "மாமான்" என்பாள். நம் வீட்டிலும் தந்தை மகளை "அம்மா" என்றும் மகனை "அப்பா" அல்லது "ஐயா" என்றும் அழைப்பது உண்டன்றோ? ஆனால் இங்கே பிள்ளை ஆணா பெண்ணா என்பது சொல்லைத் தீர்மானிக்கின்றது. அங்கே அழைப்பவர் தாயா தந்தையா என்பது தீர்மானிக்கின்றது. "பாபா ஜான்" என்று கண்டவுடன் மகள் தந்தையை அழைப்பதாகக் கொள்பவர் கதையையே தலைகீழாகப் படித்துவிடுவார். யார் வாயிலிருந்து அச்சொல் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மாத்தளைவாசிகளுக்கு இத்தகைய மயக்கம் புதிதன்று. "தாத்தா" என்பது தமிழர் வீட்டில் பாட்டனார். சிங்களர் வீட்டில் தந்தை. முஸ்லிம் வீட்டில் மூத்த சகோதரி. ஒரே தெருவில் மூன்று வாசற்படிகளில் மூன்று பேர் திரும்பிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் "மோனை", "குஞ்சு" என்பர். தோட்டத்துத் தாய் "கண்ணு" என்பாள். கண்டிச் சிங்களப் பெயர்களிலோ அருமை பெயருக்கு முன்னே வந்து நிற்கும். "பொடி மெனிக்கே" என்பது "சின்ன மாணிக்கம்". மலைநாட்டுப் புகைவண்டிக்கும் அதுவே பெயர். மக்களையும் பிறர் பிள்ளைகளையும் அவர்கள் "புத்தே", "துவே" என்று அழைப்பது நம் காதில் நாளும் விழுவதே.

கடைசியாக, மாணவர் தடுமாறும் இடம் ஒன்று. நூர்ஜஹான் என்ற பெயரை விரைந்து சொல்லும்போது "நூர்ஜான்" என்று கேட்கும். அது இந்த "ஜான்" அன்று. "ஜஹான்" என்றால் உலகம். நூர்ஜஹான் உலகின் ஒளி. ஷாஜஹானும் உலகின் அரசரே. நம் ஊர்ப் பள்ளி இடாப்பில் கிறித்தவப் பிள்ளை ஒருவன் ஜான் என்றிருந்தால் அவனுக்கும் பாரசீகத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் உருது பேசும் வீடுகளில் தந்தையை "அப்பா ஜான்" என்றும் தாயை "அம்மீ ஜான்" என்றும் அழைக்கக் கேட்டால், அது பாரசீகத்திலிருந்து வந்த அதே ஜான்.