பெல்ட்டை முதலில், துளையைப் பிறகு

மாவு மில்லில் ஓடும் பட்டை பெல்ட் சுமை கூடினால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். டைமிங் பெல்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் உள்பக்கம் வரிசையாகப் பற்கள் இருக்கின்றன. அவை புல்லியின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். அதனால் பெல்ட்டின் நீளத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முழுப் பற்களாகத்தான் கிடைக்கும்.

பொருள்களைச் சுற்றிலும் படம் பிடிக்க ஒரு சுழல்மேடை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். மோட்டாரில் 20 பல் புல்லி, மேடையில் 60 பல் புல்லி போட்டால் மேடையின் ஒரு சுற்றுக்கு 600 அடி. அதாவது அடிக்கு 0.6 டிகிரி. பற்களின் எண்ணிக்கை இப்படி வேலையிலிருந்து வர வேண்டும், புல்லியின் அழகிலிருந்து அல்ல.

பெல்ட் ஜிடி2 வகை. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி, அதாவது பிட்ச், 2 மி.மீ. எம்எக்ஸ்எல் என்ற இன்னொரு வகையின் பிட்ச் 2.032 மி.மீ.; கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தால் 50 பல் எண்ணி ஸ்கேல் வையுங்கள். 100 மி.மீ. வந்தால் ஜிடி2, 101.6 வந்தால் மற்றது. இரண்டையும் கலந்தால் ஓடாது.

மோட்டாருக்கும் மேடைக்கும் நடுவே சுமார் 55 மி.மீ. மைய இடைவெளி போதும் என்று தோன்றுகிறது. கணக்குப் போட்டால் பெல்ட் நீளம் 193 மி.மீ. வருகிறது. 2 மி.மீ. பிட்சில் 193 என்று ஒரு பெல்ட் இருக்கவே முடியாது. பலரும் இங்கே ஒரு டென்ஷனர் உருளையை மாட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அதற்கு அவசியமில்லை. எளிதில் கிடைக்கும் 200 மி.மீ. பெல்ட்டை, அதாவது 100 பல் பெல்ட்டை, எடுத்துக்கொண்டு மைய இடைவெளியை அதற்கேற்ப மாற்றிவிடலாம். ஓபன்ஸ்கேட் மென்பொருளில் இப்படி எழுதலாம்:

```
p = 2; z1 = 20; z2 = 60; zb = 100;
d1 = p*z1/PI;
d2 = p*z2/PI;
b = p*zb - p*(z1+z2)/2;
C = (b + sqrt(b*b - 2*pow(d2-d1,2)))/4;
od1 = d1 - 0.508;
od2 = d2 - 0.508;
```

C சுமார் 58.6 மி.மீ. என்று வரும். சின்னப் புல்லியை பெல்ட் 155 டிகிரி சுற்றிப் பிடிக்கிறது. எட்டுப் பற்கள் முழுதாகக் கவ்வுகின்றன. ஆறுக்குக் கீழே போனால்தான் கவலை.

கடைசி இரண்டு வரிகளில் உள்ள 0.508-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெல்ட்டின் உண்மையான நீளம் அதன் உள்ளே ஓடும் கண்ணாடி இழைகளின் நீளம். அந்த இழைகள் புல்லியின் பல் நுனியைத் தொடுவதில்லை, அதற்கு 0.254 மி.மீ. வெளியே ஓடுகின்றன. ஆகவே 60 பல் புல்லிக்குக் கணக்கில் வரும் விட்டம் 38.2 மி.மீ. என்றாலும், வெளி விட்டத்தை 37.69 என்றே வரைய வேண்டும். 38.2 என்று வரைந்துவிட்டால் ஒரு பல்லுக்கு 0.027 மி.மீ.தான் பிசகும். ஆனால் பெரிய புல்லியில் பெல்ட் 34 பற்களைச் சுற்றுகிறது. கடைசிப் பல்லுக்கு வரும்போது பிசகு 0.9 மி.மீ., ஏறக்குறைய அரைப் பல். முதல் சில பற்கள் சரியாக உட்காரும், போகப் போகப் பெல்ட் பள்ளத்தை விட்டு மேலே ஏறும். இதைப் பார்த்து "பெல்ட் லூஸ்" என்று இன்னும் இறுக்குகிறவர்கள் உண்டு. எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது.

மாடலில் மோட்டார் துளைகளை வட்டமாகப் போடாதீர்கள், நீள்துளையாக வரையுங்கள். மையத்தை 1 மி.மீ. நகர்த்தினால் பெல்ட் பாதை சுமார் 2 மி.மீ., அதாவது ஒரு பல், மாறும். எனவே 56.5-லிருந்து 59.5 வரை நகர இடம் இருந்தால் போதும். உள்பக்கம் தாராளமாக விடுவதற்குக் காரணம், புல்லியின் ஓர வளையத்தைத் தாண்டித்தான் பெல்ட்டை மாட்ட வேண்டியிருக்கிறது.

20 பல் புல்லியைக் கடையில் அலுமினியத்தில் வாங்கிவிடுங்கள். அவ்வளவு சின்னப் பல்லை வீட்டு 3டி பிரிண்டரில் நம்ப முடியாது. 60 பல் புல்லியை அச்சடிக்கலாம். முழுசாக அச்சடிக்கும் முன் 3 மி.மீ. கனத்தில் ஒரு வில்லையை மட்டும் எடுத்து, பெல்ட்டை அதில் சுற்றி, முதல் பல்லும் 34-ஆம் பல்லும் ஒரே மாதிரி ஆழத்தில் உட்காருகின்றனவா என்று பாருங்கள்.