மைக் ஏன் திடீரென்று ‘கீ…’ என்று கத்துகிறது?

கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியின் குமிழை மெல்லத் திருகுகிறார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை… சட்டென்று ‘கீ…’! யாருமே பேசாதபோது அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

மைக்கில் விழும் சிறு சலசலப்பு ஸ்பீக்கர் வழியே வெளியேறி, மீண்டும் மைக்குக்கே திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 100 பங்கு 90 ஆகத் திரும்பினால், பத்தே சுற்றில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஸ்பீக்கர் சவ்வின் இடத்தையும் வேகத்தையும் தாளில் வரைந்து பாருங்கள்: கோடு சுருண்டு சுருண்டு நடுப்புள்ளியில் அடங்கும்.

குமிழைக் கூட்டினால்? 100 பங்கு 110 ஆகத் திரும்பும். இப்போது சுருள் வெளிநோக்கி விரிகிறது. அமைதி இனி நிலைக்காது.

அப்படியானால் சத்தம் வளர்ந்துகொண்டே போகாதா? போகாது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தள்ளுதலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆட்டம் பெரிதானால் காற்றும் உராய்வும் ஆற்றலைக் கூடுதலாகத் தின்னும். தள்ளுவதும் தின்பதும் சமமாகும் இடத்தில் ஆட்டம் ஒரே அளவில் நிற்கும். ஆம்ப்ளிஃபயரும் தன் சக்தியின் எல்லையைத் தொட்டதும், 100 பங்கு சரியாக 100 ஆகவே திரும்பும். சுருள் ஒரு வளையமாகிவிடும்.

சிறிதாகத் தொடங்கினாலும் பெரிதாகத் தொடங்கினாலும் இந்த வளையத்துக்கே வந்து சேரும். கணிதத்தில் இதன் பெயர் எல்லைச் சுழல். அது பிறக்கும் கணம் ‘ஹாப்ஃப் கிளைப்பு’.

முன்னறிவிப்பும் உண்டு. கத்துவதற்குச் சற்று முன், பேச்சு நின்றபின்னும் ஒரு ரீங்காரம் நீளும். அது கேட்டதும் குமிழைக் குறையுங்கள்.