பந்து புறப்பட்டபோது எங்கே நின்றாய்?

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள எங்கள் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒருமுறை ராஜபாளையத்தில் நடந்த நட்பு ஆட்டத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தடுப்பாளர்களைத் தாண்டி ஓடிப் பந்தை வாங்கினாள். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். விசில் ஊதப்படவில்லை. ஆனால் அவள் பந்தின் மீது காலை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா நின்னுட்ட?" என்றேன்.

"எல்லாரையும் தாண்டித்தான சார் வாங்குனேன், ஆஃப்சைடுதான?"

தவறு அவளுடையதன்று. கரும்பலகையில் நான் வரைந்த படம், பந்து வந்து சேரும் இடத்தைத்தான் காட்டியது. ஆஃப்சைடு நிலையோ பந்து புறப்படும் நொடியில் முடிவாகிறது. அந்த நொடியை நிறுத்திக் காட்ட, ஓட்டத்தை நடையாக்கினேன்.

நீளம் முப்பது அடி வைப்பு, அகலம் இருபது அடி வைப்பு கொண்ட இடத்தைச் சுண்ணாம்புத் தூளால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இரண்டு கூம்புகள் கோல். இந்த இடம் முழுவதும் எதிரணியின் பாதி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு கிடையாது. ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாளர்கள், பந்து கொடுப்பவர், வாங்குபவர் என ஐவர் போதும். பக்கக் கோட்டில் ஒரு மாணவர் கொடி நடுவராக நிற்கட்டும். கையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று கூம்புகள்.

எல்லோரும் நடக்க மட்டுமே வேண்டும். பந்து கொடுப்பவர் காலால் பந்தைத் தொடும்போதே "தொட்டேன்" என்று கத்துவார். அனைவரும் சிலையாக நிற்க வேண்டும். கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருக்கு நேராக நீலக் கூம்பு, வாங்குபவருக்கு நேராகச் சிவப்புக் கூம்பு. பிறகு நடை தொடரும். பந்தை வாங்கிய இடத்துக்கு நேராக மஞ்சள் கூம்பு.

எங்கள் மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோல்கீப்பர் கோல் கோட்டிலேயே நின்றார். ஆகவே கோலுக்கு அருகில் இருந்த தடுப்பாளரே கடைசிக்கு முந்தையவர். கோட்டிலிருந்து 12 அடி வைப்பில் நீலம் வைக்கப்பட்டது. வாங்குபவள் 13இல் இருந்தாள், பந்து 20இல். அவள் நடந்துபோய் 7இல் பந்தை வாங்கினாள். மஞ்சள் கூம்பைப் பார்த்து வகுப்பே "ஆஃப்சைடு" என்றது. மஞ்சளை எடுத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றேன். சிவப்பு நீலத்துக்குப் பின்னால் இருந்தது. ஆஃப்சைடு இல்லை.

அடுத்து மாற்றிச் செய்தோம். தடுப்பாளர் அதே 12இல். பந்து புறப்படும்போது வாங்குபவள் 10இல் நின்றாள். திரும்பி வந்து 13இல் வாங்கினாள். இப்போது மஞ்சள் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் ஆஃப்சைடு. இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து நடத்துவதுதான் பாடத்தின் உயிர். சிவப்பும் நீலமும் ஒரே கோட்டில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை. கையும் தோளுக்குக் கீழான புயமும் கணக்கில் வராது. தலை, உடல், கால் மட்டுமே.

மூன்று இடங்களில் தடுமாற்றம் வரும். முதலாவது, "தொட்டேன்" என்றபின் ஓரடி கூட வைத்துவிடுவார்கள். சிவப்புக் கூம்பைப் பற்றிச் சண்டை வந்தால் காரணம் இதுதான். இன்னும் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கொடி நடுவர் ஓரிடத்திலேயே நின்றுவிடுவார். சாய்வாகப் பார்த்தால் பின்னால் இருப்பவர்கூட முன்னால் இருப்பதாகத் தெரியும். கடைசிக்கு முந்தைய வீரருக்கு நேராக அவரும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த வீரர் எப்போதும் தடுப்பாளர்தான் என்று எண்ணுவார்கள். ஒருநாள் கோல்கீப்பரை 15 அடி வைப்புக்கு வரவழைத்து, தடுப்பாளர்களை 5இலும் 9இலும் நிறுத்துங்கள். நீலம் 9க்குப் போகும். கோலிலிருந்து எண்ணி இரண்டாவது எதிரணி வீரர் யார் என்பதே கேள்வி என்று அப்போது புரியும்.

இதில் தேறியபின், வாங்குபவர் பந்துக்குப் பின்னால் இருந்தால் ஆஃப்சைடு இல்லை என்பதையும், கோல் கிக், கார்னர் கிக், த்ரோ-இன் ஆகியவற்றில் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது என்பதையும் சேர்க்கலாம். ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை. ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம் என்பதைக் கடைசியாக வையுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விதியே வேண்டாம். ஐவர் ஆடும் ஃபுட்சாலில் ஆஃப்சைடு கிடையாது. அவர்களும் அப்படியே ஆடட்டும்.

நடைப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. எப்போது ஓடத் தொடங்குவது என்ற கணிப்பை அது தராது. அதற்கு மெல்லோட்டம், பிறகு முழு ஓட்டம் வேண்டும். ஓட்டத்தில் குழப்பம் வந்தால், "பந்து புறப்பட்டப்ப எங்க நின்ன?" என்று மட்டும் கேட்கிறேன். அந்த மாணவி இப்போது பந்தோடு நிற்பதில்லை. விசில் கேட்கும்வரை ஓடுகிறாள்.