சாயும் தூண்களை நிமிர்த்துவது எப்படி?

கல்யாண மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்போனைச் சட்டென்று திருப்பிப் படம் எடுத்துவிட்டு, ஓட்டிப் பாருங்கள். நேராக நிற்கவேண்டிய தூண்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். திருப்பும்போது கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் தூண்கள் நெளியவும் செய்யும். ட்ரோன் ஃபுட்டேஜில் இதே நெளிவு இன்னும் மோசமாக வரும். வீடியோ எடுப்பவர்கள் இதை ‘ஜெல்லோ’ என்கிறார்கள்.

செல்போனிலும் பெரும்பாலான ட்ரோன்களிலும் இருக்கும் சென்சார், ஒரு பிரேமை ஒரே நொடியில் முழுசாகப் பதிவதில்லை. மேல் வரியில் தொடங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே கீழே இறங்குகிறது. இதுதான் ரோலிங் ஷட்டர். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, சில கேமராக்களில் முப்பதில் ஒரு பங்குகூடக் கடந்துவிடும். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு ஓடும்போது தாளை இழுத்தால் எழுத்து கோணிப்போகிறதே, நடப்பது அதேதான். கேமராவை வலப்பக்கம் திருப்பினால் படத்தில் தூண் இடப்பக்கம் ஓடுகிறது. தூணின் தலை முதலில் பதிவாகிறது. அடி பதிவாவதற்குள் தூண் இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே தலை வலப்பக்கம் சாய்ந்தது போலத் தெரிகிறது. இடப்பக்கம் திருப்பினால் சாய்வும் மாறிவிடும்.

ஷட்டர் ஸ்பீடைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஷட்டர் ஸ்பீடு என்பது ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது. வரிகளை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்கும் நேரம் வேறு. அது துளியும் மாறாது. 1/1000-இல் எடுத்தால் சாய்ந்த தூண் அதே சாய்வோடு, இன்னும் கூர்மையாகத் தெரியும். 1/60-இல் எடுத்தால் அசைவின் மங்கல் சாய்வையும் நெளிவையும் ஓரளவு மறைக்கும். வெயிலில் ட்ரோன் பறக்கவிடுபவர்கள் லென்ஸின் முன் என்.டி. பில்டர் மாட்டுவதில் இந்த லாபமும் இருக்கிறது. ஆனால் மறைப்பது வேறு, திருத்துவது வேறு.

திருத்துவதற்குத் தெரியவேண்டியது ஒரே ஒரு எண்தான்: பிரேமைப் படிக்க உங்கள் கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம். கம்பெனிகள் பொதுவாக இதை வெளியே சொல்வதில்லை. ஆனால் உங்கள் ஃபுட்டேஜிலிருந்தே அளந்துவிடலாம்.

1920-க்கு 1080 அளவில், நொடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்த வீடியோ என்று வைத்துக்கொள்வோம். பேன் சீரான வேகத்தில் போகும் இடத்தில் நிறுத்தி, படத்தின் உச்சியிலிருந்து அடிவரை நீளும் ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியில் இருக்கட்டும். ஓரத்தில் லென்ஸே கோடுகளை வளைத்துவிடும். அந்தத் தூணின் தலைக்கும் அடிக்கும் பக்கவாட்டில் 80 பிக்சல் வித்தியாசம் இருக்கிறது. அடுத்த பிரேமுக்குப் போய், தூணின் நடுவில் ஒரே உயரத்தில் உள்ள புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள், 160 பிக்சல். 80-ஐ 160-ஆல் வகுத்தால் பாதி. அதாவது ஒரு பிரேமின் நேரத்தில் பாதியைப் படிப்பதற்கே கேமரா செலவிடுகிறது. 30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கு 33.3 மில்லி நொடி. படிக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. தூண் படத்தின் பாதி உயரம்தான் இருக்கிறதென்றால் சாய்வை இரட்டிப்பாக்கிக் கணக்கிடவேண்டும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Rolling Shutter Repair என்ற எஃபெக்டைப் போட்டு, Rolling Shutter Rate-இல் இந்த விகிதத்தைக் கொடுக்கவேண்டும். நம் கணக்கில் 50%. Scan Direction மேலிருந்து கீழ். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தால் சென்சாரும் கூடவே திரும்பியிருக்கும், வரிகள் பக்கவாட்டில் படிக்கப்பட்டிருக்கும். அப்போது தூண்கள் சாயாது, ஆட்கள் திடீரென்று அகன்றோ ஒடுங்கியோ தெரிவார்கள். அதற்கு இடமிருந்து வலம் அல்லது வலமிருந்து இடம் என்று மாற்றிப் பார்க்கவேண்டும். தவறான திசையைக் கொடுத்தால் கோணல் இரட்டிப்பாகும், உடனே தெரிந்துவிடும்.

எண்ணைவிட முக்கியமானது வரிசை. முதலில் இந்தத் திருத்தம், அதற்குப் பிறகுதான் ஸ்டெபிலைசேஷன். அவசரத்தில் பலரும் மாற்றிச் செய்கிறார்கள். சாதாரண ஸ்டெபிலைசர் ஒவ்வொரு பிரேமையும் வளையாத ஓர் அட்டையாக நினைத்து நகர்த்துகிறது. ஆட்டம் நின்றுவிடும், பிரேமுக்குள்ளே இருக்கும் சாய்வு அப்படியே நிற்கும். முன்பு ஆட்டத்தோடு ஆட்டமாகக் கண்ணுக்குத் தப்பிய கோணல், இப்போது அசையாத படத்தில் கட்டடமே ரப்பர் போலத் தள்ளாடுவதாகத் தெரியும். ஸ்டெபிலைஸ் செய்த பிறகு வீடியோ கெட்டுப்போனது என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். படத்தை வெட்டுவது, வேகத்தை மாற்றுவது எல்லாமும் இதற்குப் பிறகே வரட்டும்.

செல்போன் தானாகவே செய்யும் ஸ்டெபிலைசேஷன் இதிலிருந்து வேறுபட்டது. போனுக்குள் இருக்கும் கைரோ சென்சாரை வைத்து அது பெரும்பாலும் ரோலிங் ஷட்டரையும் சேர்த்தே திருத்திவிடுகிறது. அப்படித் திருத்திய படத்துக்கு இன்னொரு முறை 50% கொடுத்தால் தூண் எதிர்ப்பக்கம் சாயும். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன். சாய்வு சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் தொடவேண்டாம்.

கைரோ தகவலைப் பதியும் ஆக்‌ஷன் கேமராவும் சில எஃப்.பி.வி. ட்ரோன்களும் உங்களிடம் இருந்தால், Gyroflow என்ற இலவச மென்பொருள் நல்ல வழி. கேமராவின் உள் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு எடுக்கவேண்டும். நாம் அளந்த 16.7-ஐ அதில் மில்லி நொடியாகவே கொடுக்கலாம். ஒவ்வொரு வரி பதிவான கணத்திலும் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்து, சாய்வையும் ஆட்டத்தையும் ஒரே கணக்கில் நீக்குகிறது. வரிசைச் சிக்கலே இல்லை.

ஆனால் கைரோவுக்குத் தெரிவது கேமராவின் சுழற்சி மட்டுமே. ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்தால் பக்கத்துக் கம்பங்கள் பலமாகச் சாயும், தூரத்து மலை நேராகவே நிற்கும். இங்கே கேமரா சுழலவே இல்லை, நகர்கிறது. கைரோ அதைக் காண்பதில்லை. Rolling Shutter Repair-இல் Method என்பதை Pixel Motion என்று மாற்றினால் ஒவ்வொரு பொருளின் நகர்வையும் தனித்தனியாகக் கணக்கிட முயலும். கம்பத்தின் விளிம்பில் படம் கிழிந்தது போலச் சில பிரேம்களில் வரலாம். அந்த இடங்களை வெட்டிவிடுவதுதான் ஒரே வழி.

ட்ரோனின் நடுக்கம் எடிட்டிங் டேபிளுக்கு வருவதற்கு முன்பே தீர்க்கவேண்டியது. மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால் நொடிக்கு 100. பிரேமைப் படிக்கும் 16.7 மில்லி நொடிக்குள் ஒன்றரைக்கு மேற்பட்ட சுற்று முடிந்துவிடும். அதனால் நேர்கோடு ஒரே பிரேமுக்குள் அலையாக வளைகிறது. அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிடும் மென்பொருளுக்கு, ஒரு பிரேமுக்குள் நடந்த அலையைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஓரம் சிதைந்த இறக்கையை மாற்றுங்கள், கேமராவைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடும் திருகாணிகளை முறுக்குங்கள். நொடிக்கு 60 பிரேம் முறையிலும் எடுத்துப் பார்க்கலாம். அதில் படிக்கும் நேரம் 16.7 மில்லி நொடியைத் தாண்டவே முடியாது என்பதால், 30-இல் மெதுவாகப் படிக்கும் கேமராவில் கோணல் கண்கூடாகக் குறையும்.